நாற்பது நூல்கள், மூன்று வழக்குகள்: முன்னாய்வு இயலை வாதங்களால் கட்டுவது

நம் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வேட்டின் தொடக்கத்தில் ஒரு பகுதிக்கு 'ஆய்வு முன்னோடிகள்' என்று பெயர் வைப்பது வழக்கம். அந்தப் பெயரே ஆய்வாளரைத் தவறான பாதையில் இறக்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். முன்னோடிகள் என்றால் ஆட்கள். ஆட்கள் என்றதும் கை தானாக ஒரு பட்டியல் போடத் தொடங்கிவிடும்: இன்னார் இந்த ஆண்டில் இதைச் சொன்னார், அடுத்து இன்னார் அதைச் சொன்னார். நானும் அப்படித்தான் எழுதினேன். என் ஆய்வு சோழ அரசி செம்பியன் மாதேவி எடுப்பித்த கோயில்களில் தென்சுவர்க் கோட்டங்களில் நிற்கும் நடராசர் கற்சிற்பங்களைப் பற்றியது. முதல் வரைவில் ஒரு பத்தி ஏறக்குறைய இப்படி இருந்தது:

"ஆனந்த குமாரசுவாமி 1912இல் எழுதிய கட்டுரையில் நடராசர் வடிவம் ஐந்தொழிலைக் குறிக்கிறது என்கிறார். டக்ளஸ் பாரெட் 1965இல் முற்காலச் சோழர் செப்புத் திருமேனிகளை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். சி. சிவராமமூர்த்தி 1974இல் நடராசர் பற்றிய கலை, தத்துவ, இலக்கியச் செய்திகளை விரிவாகத் தொகுத்தார். கமில் சுவெலபில் 1985இல் ஆனந்த தாண்டவக் கருத்தின் வளர்ச்சியை ஆராய்ந்தார். பத்மா கைமல் 1999இல் இவ்வடிவத்தின் பொருள் காலந்தோறும் மாறியது என்கிறார்."

இதில் ஒரு வரிகூடத் தவறில்லை. ஆனால் நெறியாளர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: "இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லையே?" அந்த வரியை நான் வெகுநாள் சுமந்து திரிந்தேன். பிறகு ஒரு சோதனை செய்து பார்த்தேன். பத்தியிலுள்ள வாக்கியங்களைக் கலைத்து வேறு வரிசையில் அடுக்கினேன். எதுவும் உடையவில்லை. பாரெட்டை எடுத்துவிட்டாலும் மற்ற நால்வரும் அசையாமல் நின்றார்கள். ஒரு செங்கல்லை உருவினால் சுவர் அசைய வேண்டும். அசையவில்லை என்றால் அது சுவரே இல்லை, செங்கல் குவியல்.

ஆட்களை விட்டு வாதங்களைக் கொண்டு இந்த இயலை எப்படிக் கட்டுவது என்பதை அதே நடராசரை வைத்தே சொல்கிறேன்.

தலைப்பும் வாதமும்

பட்டியலிலிருந்து தப்ப நினைப்பவர்கள் முதலில் போய் விழும் இடம் ஒன்று உண்டு. ஆசிரியர் பெயர்களை எடுத்துவிட்டு 'காலம்', 'படிமவியல்', 'தத்துவம்' என்று துணைத்தலைப்புகள் வைப்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் 'காலம்' என்ற தலைப்பின் கீழே அதே பழைய பட்டியல், கொஞ்சம் சிறியதாக. 'காலம்' என்பது ஒரு தலைப்பு. அதை யாரும் மறுக்க முடியாது, அதனால் அங்கே வாதமும் இல்லை. "நடராசர் வடிவம் உலோகத்தில் நிலைபெற்றது செம்பியன் மாதேவி காலத்தில்தான்" என்பது வாதம். இதற்கு ஒருவர் எழுந்து நின்று "இல்லை" என்று சொல்ல முடியும். "இல்லை" சொல்ல முடிகிறதா என்பதே நான் வைத்துக்கொண்ட அளவுகோல். முற்றுப்புள்ளியோடு முடிகிற, மறுக்கத்தக்க ஒரு முழு வாக்கியமாக எழுத முடியாத எதையும் துணைத்தலைப்பு ஆக்குவதில்லை.

நம் மரபுக்கு இது புதிதில்லை. சேனாவரையர் தொல்காப்பியத்துக்கு உரை எழுதும்போது தமக்கு முந்தியவர் கொண்ட பொருளை முதலில் எடுத்துவைத்து, "அற்றன்று" என்று மறுத்து, காரணம் சொல்லித் தம் பொருளை நிறுவுவார். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம் முழுவதும் இந்தக் கட்டுமானம்தான். உலகாயதரில் தொடங்கி ஒவ்வொரு மதத்தாரின் கொள்கையையும் அவர்கள் சொல்வதுபோலவே சொல்லிவிட்டுப் பிறகுதான் மறுப்பு வரும். அங்கே பகுப்பு கொள்கையால் நடக்கிறது, ஆளால் அல்ல. நடராசர் பற்றிய ஆய்வுகளின் மையத்தில் இருப்பது அதே சித்தாந்த மரபு என்பதால் பரபக்கம் எனக்கு வெறும் உவமையாக இல்லாமல் வேலைக்கான முன்மாதிரியாகவே உதவியது.

சீட்டில் நான்கு வரிகள்

படித்த நாற்பது சொச்சம் நூல்கள், கட்டுரைகளுக்கும் நூலுக்கு ஒரு சீட்டு என்று முதலில் வைத்திருந்தேன். அதைக் கலைத்து வாதத்துக்கு ஒரு சீட்டு என்று மாற்றினேன். ஒரு கட்டுரையில் மூன்று வாதம் இருந்தால் மூன்று சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் நான்கு வரிகள்: என்ன சொல்கிறார், எந்தச் சான்றைக் கொண்டு சொல்கிறார், யாரை எதிர்த்து அல்லது யாரைச் சார்ந்து சொல்கிறார், எது தவறென்று தெரிந்தால் இந்த வாதம் விழும். ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் சீட்டின் பின்புறம்.

நான்காவது வரிதான் கடினம். அதை எழுத வேண்டுமானால் நூலைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். ஆனால் மொத்த இயலும் கடைசியில் அந்த வரியிலிருந்துதான் முளைத்தது. சீட்டுகளைத் தரையில் பரப்பி ஒன்றோடொன்று மோதுபவற்றை அருகருகே வைத்தபோது மூன்று குவியல்கள் வந்தன. இந்த வடிவம் எப்போது பிறந்தது, இதற்கு என்ன பொருள், இது யாருக்காக நின்றது என்ற மூன்று வழக்குகள். கைமல் இரண்டு குவியல்களில் இருந்தார். பட்டியல் வரைவில் அவருக்கு ஒரே ஒரு வாக்கியம் கொடுத்திருந்தேன்.

வாதமே செய்யாத நூல்கள் சிலவும் தரையில் மிஞ்சின. பட்டியல் நூல்களும் தொகுப்பு நூல்களும் அப்படித்தான் தோன்றும். சிவராமமூர்த்தியின் நூல் பெரும்பாலும் தொகுப்பு என்பதால் எல்லா வழக்குக்கும் சான்று தரும் களஞ்சியமாக ஒரு வாக்கியத்தில் குறித்தேன். ஆனால் எல்லாப் பட்டியல் நூலும் அவ்வளவு அமைதியானது அல்ல. கிரேவ்லியும் டி.என். இராமச்சந்திரனும் 1932இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்காக வெளியிட்ட உலோகப் படிமப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அணிகலனும் ஆடையும் காலப்போக்கில் மாறும் விதத்தைப் பார்த்துப் படிமத்தின் காலத்தைச் சொல்லலாம் என்ற நம்பிக்கை அதன் அடியில் ஓடுகிறது. அதுவும் வாதம்தான், உரக்கச் சொல்லப்படாத வாதம். அதற்கும் ஒரு சீட்டு எழுதினேன். பின்னால் முதல் வழக்கில் அது பெரிய இடம் பிடித்தது.

முதல் வழக்கு: எப்போது பிறந்தது

ஒரு தரப்பின் வாதம் இது. இடக்காலைக் குறுக்காகத் தூக்கி, நான்கு கைகளோடு, முயலகன்மேல் நின்று, சுடர் வட்டத்துக்குள் ஆடும் வடிவம் கி.பி. 970களை ஒட்டிச் செம்பியன் மாதேவியின் திருப்பணிகளோடுதான் நிலைபெற்றது. பாரெட் இந்தத் தரப்பின் முக்கியமான குரல். சான்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அக்காலச் செப்புத் திருமேனிகளில் காலத்தைச் சொல்லும் எழுத்துப் பொறிப்பு இருப்பது மிக அரிது. ஆனால் கற்கோயிலில் கல்வெட்டு இருக்கும். கணவர் கண்டராதித்தரின் நினைவாகச் செம்பியன் மாதேவி எடுப்பித்த கோனேரிராசபுரம் கோயில்போல, காலம் தெரிந்த கோயில்களின் கோட்டங்களில் நடராசர் கற்சிற்பம் நிற்கிறது. அந்தக் கல்லோடு செம்பை ஒப்பிட்டு, பாணி ஒத்துப்போவதால் காலமும் ஒத்துப்போகும் என்று கொள்கிறார்கள்.

எதிர்த்தரப்பு வடிவத்தைப் பல்லவர் காலத்துக்குக் கொண்டுபோகிறது. காலைத் தூக்கி ஆடும் சிவன் கல்லில் அப்போதே உண்டு. சீயமங்கலத்தில் மகேந்திரவர்மன் காலக் குடைவரையின் தூணில் ஒரு சிறிய புடைப்புச் சிற்பம் இருக்கிறது. அதைக் காண்பவர்கள் பிற்காலத் திருமேனியின் சாயலை அதில் உடனே உணர்வார்கள். ஆனால் கல்லில் இருந்தது என்பதால் செம்பிலும் இருந்தது என்று ஆகிவிடாது. அந்த இடைவெளியை நிரப்ப வந்தவர் உலோகவியலாளர் சாரதா சீனிவாசன். பல அருங்காட்சியகங்களில் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட தென்னிந்தியப் படிமங்களின் உலோகத்தை ஆராய்ந்த அவர், கலவையிலுள்ள ஈயத்தின் ஐசோடோப்பு விகிதங்களையும் நுண்தனிமங்களையும் கொண்டு படிமங்களைக் குழுக்களாகப் பிரித்தார். சோழர் காலத்தவை என்று கருதப்பட்டு வந்த இரண்டு நடராசர் திருமேனிகள், ஒன்று சென்னையிலும் மற்றொன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் உள்ளவை, பல்லவர் காலக் குழுவோடு சேர்வதாக 2004இல் எழுதினார்.

பட்டியல் முறையில் எழுதியிருந்தால் "பாரெட் பத்தாம் நூற்றாண்டு என்கிறார், சீனிவாசன் அதற்கு முந்தியது என்கிறார்" என்று இரண்டு வரியோடு முடித்திருப்பேன். நான்காம் வரிகளை அருகருகே வைத்தபோதுதான் விஷயம் திறந்தது. பாரெட்டின் வாதம் எப்போது விழும்? பாணி ஒத்திருப்பதால் காலமும் ஒத்திருக்கும் என்பது பொய்த்தால் விழும். சீனிவாசனின் வாதம் எப்போது விழும்? ஈயத்தின் விகிதம் நேரடியாகச் சொல்வது, உலோகம் எந்தக் கனிமத்திலிருந்து வந்தது, எந்தெந்தப் படிமங்கள் ஒரே வகை உலோகத்தால் ஆனவை என்பதை மட்டும்தான். 'இது பல்லவர் காலக் குழு' என்று பெயரிட வேண்டுமானால், அந்தக் குழுவில் சில படிமங்களாவது பல்லவர் காலத்தவை என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அது எப்படித் தெரிந்தது? பெரும்பாலும் பாணியைக் கொண்டு. ஆக அறிவியல் ஒரு பக்கமும் கண்பார்வை இன்னொரு பக்கமும் நின்று மோதுவதாகத் தோன்றும் இந்த வழக்கில் இரு தரப்பும் ஒரே தரையில் நிற்கின்றன. 1932ஆம் ஆண்டுப் பட்டியல் உரக்கச் சொல்லாமல் விட்ட நம்பிக்கைதான் அந்தத் தரை. பழைய படிமம் உருக்கப்பட்டு அதே உலோகம் புதிய வார்ப்புக்குப் போயிருந்தால் குழுப் பிரிப்பும் கலங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இப்படிச் சொல்வது அந்த ஆய்வைக் குறைத்து மதிப்பிடுவது ஆகாது. பாணிக்கு வெளியே ஒரு சான்று தேடிப் போனவர் அவர். அந்தச் சான்று எவ்வளவு சுமை தாங்கும் என்பதைத் துல்லியமாகச் சொல்வதுதான் முன்னாய்வு இயலின் வேலை.

இரண்டாம் வழக்கு: என்ன பொருள்

மிகுந்த வளமான வழக்கு இது. குமாரசுவாமியின் கட்டுரை 1912இல் 'சித்தாந்த தீபிகை' இதழில் வந்து, 1918இல் நியூயார்க்கில் வெளியான தொகுப்பின் வழியே உலகெங்கும் பரவியது. உடுக்கை படைத்தல், அமைத்த கை காத்தல், தீ அழித்தல், ஊன்றிய கால் மறைத்தல், தூக்கிய கால் அருளல் என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் விளக்கம் உலகளவில் நிலைபெற அந்தக் கட்டுரையே பெரிய காரணம். அதற்கு அவர் கொண்ட சான்றுகளில் முதன்மையானது உண்மை விளக்கம். மனவாசகம் கடந்தார் 13ஆம் நூற்றாண்டில் செய்த நூல் அது:

"தோற்றம் துடியதனில் தோயும் திதிஅமைப்பில்
சாற்றியிடும் அங்கியிலே சங்காரம் – ஊற்றமா
ஊன்று மலர்ப்பதத்தில் உற்ற திரோதம் முத்தி
நான்ற மலர்ப்பதத்தே நாடு."

எதிர்வாதம் கைமலுடையது. 1999இல் 'ஆர்ட் புல்லட்டின்' இதழில் வந்த கட்டுரையில் அவர் முன்வைப்பது, இந்த வடிவத்தின் பொருள் ஒரே நிலையில் நிற்கவில்லை, காலத்தோடு நகர்ந்தது என்பது. பத்தாம் நூற்றாண்டில் இதைப் பார்த்தவர்களுக்குப் பின்னால் எழுந்த சித்தாந்த விளக்கம் தெரிந்திருக்கும் என்று நாமாகக் கொள்ளக் கூடாது. அவர்களுக்கு இது சுடுகாட்டில் ஆடும் அழிவின் ஆட்டமாகவும் சோழ அதிகாரத்தோடு ஒட்டியதாகவும் பொருள்பட்டிருக்கலாம் என்கிறார்.

இங்கேதான் சான்றுகளை வரிசையாக அல்லாமல் எதிரெதிராக வைத்துப் பார்க்க வேண்டும். 970களுக்கும் உண்மை விளக்கத்துக்கும் இடையே முந்நூறு ஆண்டுக்குச் சற்றுக் குறைந்த தூரம். அதனால் கைமலின் ஐயத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் தேவாரம் அதற்கு முந்தியது. தில்லையைப் பாடும் அப்பர் "இனித்தம் உடைய எடுத்தபொற் பாதமும் காணப்பெற்றால் மனித்தப் பிறவியும் வேண்டுவதே" என்று ஏழாம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். தூக்கிய திருவடி அருள்தரும் ஒன்று, காணத்தக்க ஒன்று என்பது அப்போதே இருக்கிறது. அழிவின் ஆட்டம் என்ற வாசிப்புக்கு இந்தப் பாட்டு நேராக ஒத்துப்போகவில்லை, அதே பாட்டில் வரும் குமிண்சிரிப்பில் சுடுகாட்டின் வெம்மை இல்லை. அதே சமயம் ஐந்தொழிலை ஐந்து உறுப்புகளுக்குப் பங்கிடும் கணக்கும் இந்தப் பாட்டில் இல்லை. உடுக்கையும் தீயும் இங்கே பேசப்படவே இல்லை. ஆக அப்பர் இரு தரப்புக்கும் பாதி பாதி உதவுகிறார்.

இன்னும் ஒரு சான்று பாக்கி. குமாரசுவாமி திருமந்திரத்தையும் எடுத்தாண்டார். திருமந்திரத்தில் "அரன்துடி தோற்றம் அமைத்தல் திதியாம்" என்று தொடங்கும் ஒரு பாட்டு உண்டு. உண்மை விளக்கத்தின் அதே கணக்கு அதில் அப்படியே இருக்கிறது. திருமந்திரம் செம்பியன் மாதேவிக்கு முந்தியது என்றால் ஐந்தொழில் விளக்கம் அவர் காலத்துக்கு முன்பே தமிழில் உண்டு, கைமலின் ஐயம் பெரிதும் தளரும். திருமந்திரமோ அதன் இந்தப் பகுதியோ பிற்பட்டது என்றால் ஐயம் உறுதிப்படும். திருமூலர் காலம் அறிஞர்களிடையே பல நூற்றாண்டு அகலத்துக்கு வேறுபடுகிறது என்பது தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். கலை வரலாற்று வழக்கு ஒன்று, கடைசியில் ஒரு தமிழ் நூலின் காலம் பற்றிய வழக்கில் வந்து நிற்கிறது. நூலுக்கு ஒரு சீட்டு வைத்திருந்த காலத்தில் இது என் கண்ணில் படவே இல்லை.

அந்தப் பழைய பத்தியின் இடத்தில் இப்போது இருப்பது இது:

"ஐந்தொழில் விளக்கம் பத்தாம் நூற்றாண்டுப் பார்வையாளருக்கும் பொருந்துமா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. பொருந்தும் என்பதற்கு ஆதாரமாக அமைபவை சித்தாந்த நூல்கள் (குமாரசுவாமி 1912). அவற்றுள் உண்மை விளக்கம் படிமங்களுக்குப் பிந்தியது, ஆகவே அதைப் பின்னோக்கிப் பொருத்துவதைக் கைமல் (1999) ஏற்பதில்லை. தேவாரம் எடுத்த பாதத்தைப் போற்றினாலும் ஐந்தொழில் பகுப்பை அங்குக் காண்பதற்கில்லை. எனவே வழக்கின் முடிவு திருமந்திரத்தின் காலத்தைப் பொறுத்தது. இவ்வாய்வு அக்காலத்தை முடிந்ததாகக் கொள்ளாமல், கோட்டச் சிற்பங்களின் உறுப்பமைதியிலிருந்தே தொடங்குகிறது."

ஒவ்வொரு வாக்கியமும் முந்திய வாக்கியத்தின் தோளில் நிற்கிறது. வரிசையை மாற்றினால் உடையும். எந்த வாக்கியமும் ஓர் அறிஞரின் பெயரில் தொடங்கவில்லை என்பதையும் கவனியுங்கள். சொந்த வரைவைச் சோதிக்க எளிய வழி இது: பத்திகளின் முதல் சொல்லை மட்டும் ஓட்டிப் பாருங்கள். வரிசையாக ஆள் பெயர்களாக இருந்தால் நீங்கள் இன்னும் பட்டியலில்தான் இருக்கிறீர்கள்.

மூன்றாம் வழக்கு: யாருக்காக

இதைச் சுருக்கமாகவே எழுதினேன், ஏனெனில் என் ஆய்வு இதன் ஓரத்தைத்தான் தொடுகிறது. சோழ அரசின் சின்னம் போன்றது என்பது ஒரு பக்கம், கைமல் இங்கேயும் வருகிறார். நீராட்டப்பட்டு, பட்டும் பூவும் நகையும் சார்த்தப்பட்டு, வீதியுலா வரும் திருமேனி அடியாருக்கே உரியது என்ற அழுத்தம் வித்யா தெஹேஜியாவின் எழுத்துகளில் வலுவாக உண்டு. ரிச்சர்ட் டேவிஸ் 1997இல் வெளியிட்ட நூல் கேள்வியையே நகர்த்துகிறது. இடமும் வழிபடுவோரும் மாறும்போது படிமத்தின் வாழ்வும் மாறுகிறது என்பது அவர் பார்வை. இலண்டன் நீதிமன்றம் வரை போய் 1991இல் தமிழகம் திரும்பிய பத்தூர் நடராசர் அவர் எடுத்துக்கொண்ட கதைகளில் ஒன்று.

அரசச் சின்னம் என்ற தரப்புக்குத் துணையாகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைக் காட்டலாம். அங்கே பொன் நிறுத்த எடைக்கல்லுக்கே 'ஆடவல்லான்' என்று பெயர். ஒரு தெய்வத்தின் பெயரால் அரசகோயிலில் பொன் நிறுக்கப்படுகிறது என்பது சிறிய செய்தி அல்ல. ஆனால் அது இராசராசன் காலம். செம்பியன் மாதேவியின் தொடக்கக் காலத் திருப்பணிகளுக்கு ஒரு தலைமுறை பிந்தியது. அப்போதைய நெருக்கத்தை அப்படியே முந்திய காலத்துக்குத் தள்ளினால், உண்மை விளக்கத்தைப் பின்னோக்கிப் பொருத்திய அதே பிழையைச் சிறிய அளவில் நாமும் செய்தவர்கள் ஆவோம்.

வழக்குகளின் வரிசை எதனால் இப்படி என்பதும் இங்கேதான் விளங்கும். செப்பு வடிவம் பல்லவர் காலத்திலேயே இருந்தது என்று முதல் வழக்கு முடிந்தால், அது சோழச் சின்னமாகப் பிறந்தது என்று மூன்றாம் வழக்கில் சொல்ல முடியாது. சோழர் அதை எடுத்துத் தமதாக்கிக்கொண்டார்கள் என்று மட்டுமே சொல்லலாம். ஆகவே காலம் முன்னால், பயன் பின்னால்.

இந்த முறையில் நேரும் பிழைகள்

வாதங்களால் கட்டும்போது பட்டியலில் நேராத ஒரு பிழை நேரும். அது பொய்ச் சண்டை. குமாரசுவாமியும் கைமலும் நேர் எதிரிகள் என்று நான் முதலில் எழுதியிருந்தேன். கட்டுரையைத் திரும்பப் படித்தபோது மனம் உறுத்தியது. குமாரசுவாமி பத்தாம் நூற்றாண்டின் ஒரு குறிப்பிட்ட பார்வையாளரைத் தேடிப் போகவில்லை. இந்த மரபு தன் தெய்வத்தின் ஆட்டத்தை எப்படிப் புரிந்துகொண்டது என்பதே அவர் கேள்வி. மரபு தன்னைப் பற்றிச் சொல்வதை எடுத்துச் சொல்ல 13ஆம் நூற்றாண்டு நூல் தகுதியான சான்றுதான். கைமலின் கேள்வி வேறு: குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட இடத்தில், யார் என்ன பார்த்தார்கள்? அவர் மறுப்பது குமாரசுவாமியின் விடையை அல்ல, அந்த விடையைப் பிற்காலத்தார் எல்லாக் காலத்துக்கும் நீட்டியதைத்தான் என்று நான் வாசிக்கிறேன். இருவரையும் மோதவிடுவதற்கு முன் இருவர் கேள்வியும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். ஒன்றில்லை என்றால், அந்த வேறுபாட்டையே எழுத வேண்டும்.

இன்னொன்று வினைச்சொல்லில் இருக்கிறது. "மறுக்கிறார்" என்று எழுதுவதற்கு முன் அடிக்குறிப்புகளைப் பார்க்க வேண்டும். ஒருவர் மற்றவரைப் பெயர் சொல்லி எதிர்த்திருந்தால்தான் அது மறுப்பு. அவரைப் படித்த தடயமே இல்லாமல் வேறு முடிவுக்கு வந்திருந்தால் "இதனோடு முரண்படுகிறது" என்பதுதான் நேர்மை. முரண்பாட்டைக் கண்டவர் நீங்கள், அந்தப் பொறுப்பும் உங்களுடையது. அதேபோல் வாதத்தால் அடுக்குகிறோம் என்பதற்காக ஆண்டை மறந்துவிடவும் கூடாது. ஒரு வழக்குக்குள் யார் முன், யார் பின் என்பது காக்கப்பட வேண்டும். 1965இல் எழுதியவர் 2004ஆம் ஆண்டின் உலோக ஆய்வைக் கணக்கில் கொள்ளவில்லை என்று குறை சொல்ல முடியாது. சீட்டின் பின்புறம் எழுதிய ஆண்டை வரைவில் முன்பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டிய இடங்கள் இவை.

எந்தக் குவியலிலும் சேராத சீட்டுகளும் மிஞ்சும். சுவெலபில் எனக்கு அப்படி மிஞ்சினார். அவர் நூல்களிலும் சிற்பங்களிலும் 'ஆடவல்லான்' என்ற கருத்து வளர்ந்த தடத்தைப் பிடிப்பதால் முதல் வழக்கிலும் சேர்வார், இரண்டிலும் சேர்வார். வலிந்து ஒரு முகாமில் அடைக்காமல், இரண்டாம் வழக்குக்குள் நுழையும் வாசலில் அவரை நிறுத்தினேன்: வடிவத்தின் வரலாறும் சொல்லின் வரலாறும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை என்ற செய்திக்குச் சான்றாக.

என் இடைவெளி எங்கே என்பதும் தரையில் பரப்பிய சீட்டுகளிலிருந்தே வந்தது. மூன்று வழக்கிலும் செப்புத் திருமேனியே நாயகன். கற்சிற்பம் வரும்போதெல்லாம் செம்புக்குக் காலம் சொல்லும் சாட்சியாக மட்டுமே வந்துபோகிறது. வீதியுலா போகாத, பட்டு சார்த்திப் புறப்படாத, கோட்டத்தைவிட்டு நகராத அந்தக் கல் நடராசர் எந்த வழக்கிலும் தானாக ஒரு கட்சிக்காரர் இல்லை. "இதுவரை யாரும் ஆராயவில்லை" என்ற பொதுவான வரியை நான் எழுத வேண்டியிருக்கவில்லை. எந்த வாதத்தில், எந்தச் சான்றின் இடத்தில், எது விடுபட்டது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி: "திருமந்திரத்தின் அந்தப் பகுதி எட்டாம் நூற்றாண்டுக்கு முந்தியது என்று நாளைக்கே உறுதியாகிவிட்டால், உங்கள் ஆய்வேட்டில் எதையெல்லாம் திருத்துவீர்கள்?" இரண்டாம் வழக்கின் கடைசி மூன்று பத்திகள், நான்காம் இயலில் முயலகன் பற்றிய பகுதி, அவ்வளவுதான், முதல் வழக்கு அப்படியே நிற்கும் என்றேன். அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.